புதிய பிரிவுத் தலைவருக்கு ஒரு மின்னஞ்சல்: கொடுத்த வாக்குகள் முதலில்

ஏப்ரல் புத்தாண்டு விடுமுறை முடிந்து கொழும்பு மறுபடி நிரம்பும்போது பல அலுவலகங்களில் மேசைகள் மாறியிருக்கும். தனியார் கம்பனிகள் பலவற்றுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. போகிறவர்கள் போனஸை வாங்கிக்கொண்டு அதோடு போய்விடுவார்கள். வருகிறவர் விடுமுறைக்குப் பிறகு வந்து உட்காருவார். அந்த இரண்டு வாரத்துக்குள் யாராவது ஒருவரிடம், "போன வருசம் நடந்ததையெல்லாம் ஒரு மெயிலாகப் போட்டுவிடுங்கள்" என்று சொல்லப்படும். எங்கள் நிர்வாகப் பிரிவில் அந்த ஒருவர் நான்தான். கட்டடங்கள், களஞ்சியம், வாகனங்கள், காவல், துப்புரவு, ஜெனரேட்டர், லிஃப்ட் எல்லாம் எங்கள் தலையில்.

இந்த மெயிலைப் பெரும்பாலானவர்கள் எழுதுகிற விதம் எனக்குத் தெரியும். "தங்கள் கவனத்துக்கு" என்று ஒரு வரி, அதற்குக் கீழே நாற்பது இணைப்புகள். ஒப்பந்தங்கள், கூட்டறிக்கைகள், பாதீடு, கணக்காய்வுக் கடிதம் எல்லாம் இருக்கும். எழுதியவருக்குப் பொறுப்புக் கைமாறிவிட்ட நிம்மதி. வாங்கியவர் ஒன்றையும் திறக்கமாட்டார், திறந்தாலும் எது இன்னும் உயிரோடு இருக்கிற விஷயம், எது முடிந்த கதை என்று அவருக்குத் தெரியாது.

நான் எழுதும்போது வரிசையைத் தலைகீழாக்கிவிடுவேன். நிறைவேற்ற வேண்டிய வாக்குகள் முதலில், அவற்றுக்குக் காரணமான தீர்மானங்கள் அடுத்தது, ஆவணங்கள் கடைசியில். காரணம் எளியது. ஆவணம் கோவையில் பத்திரமாக இருக்கும், அடுத்த மாதம் பார்த்தாலும் அது அப்படியேதான் இருக்கும். தீர்மானம் பணிப்பாளர் சபையின் கூட்டறிக்கையில் இருக்கும், தேடினால் கிடைக்கும். ஆனால், போனவர் வெளியாள் ஒருவருக்குச் சொன்ன வாக்குக்குப் பெரும்பாலும் நிரந்தரமான இடம் ஒன்றும் இல்லை. அது அவருடைய அனுப்பிய மெயில்களிலும் வாட்ஸ்அப்பிலும், பல சமயம் அவருடைய வாயிலும் மட்டும்தான் இருக்கும். அவர் போனால் அதுவும் போய்விடும், வாக்கை வாங்கியவர் மட்டும் மறக்கமாட்டார்.

அதனால் மெயில் எழுதுவதற்கு முன் வாக்குகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். நான் மூன்று பக்கத்தால் தேடுகிறேன். முதலாவது, போகிறவர் இருக்கும்போதே அவருடைய அனுமதியோடு அவருடைய அனுப்பிய மெயில்களில் தேடுவது. எங்கள் ஊர் அலுவலக ஆங்கிலத்தில் வாக்குக் கொடுக்கும்போது தவறாமல் வந்துவிழும் சில தொடர்கள் உண்டு. அவுட்லுக் தேடல் பெட்டியில் இப்படிப் போட்டாலே பாதி வேலை முடியும்:

```
"in principle" OR "will revert" OR "as discussed"
```

மூன்றாவது தொடர்தான் ஆகப் பெறுமதியானது. "பேசியபடி" என்று ஒரு மெயில் இருந்தால், அதற்கு முன் எழுத்தில் இல்லாத ஒரு பேச்சு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது பக்கம் கணக்குப் பிரிவு. நிதியாண்டு முடிவில் அவர்கள் அட்டுறு செலவுகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிப்பார்கள்: சேவை கிடைத்துவிட்டது, பில் இன்னும் வரவில்லை, ஆனாலும் இந்த ஆண்டுக் கணக்கில் போட வேண்டியவை. அந்தப் பட்டியலில் எங்கள் பிரிவின் பெயரில் இருக்கும் ஒவ்வொரு வரியும் ஒரு கடப்பாடு. என் பட்டியலையும் அவர்களுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாதவைதான் மெயிலில் முக்கியமாக வர வேண்டியவை. அவர்களுக்குத் தெரியாத வாக்கு என்னிடம் இருந்தால் அதற்குப் பணம் ஒதுக்கப்படவில்லை. எனக்குத் தெரியாத செலவு அவர்களிடம் இருந்தால் யாரோ எனக்குச் சொல்லாமல் எதையோ ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, போகிறவரோடு ஒரு மணித்தியாலம் உட்கார்ந்து பேசுவது. "ஏதாவது பாக்கி இருக்கா சேர்?" என்று கேட்டால், "எல்லாம் பைலில இருக்கு பிள்ளை" என்றுதான் பதில் வரும். ஆட்களின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். களஞ்சியச் சொந்தக்காரருக்கு என்ன சொன்னீங்கள்? லிஃப்ட் கம்பனிக்கு? காவல் கம்பனி மனேஜர் ஜனவரியில் வந்து போனாரே, அவருக்கு? அப்போதுதான், "ஓம், அவருக்குக் கூட்டித் தாறம் எண்டு சொன்னனான்தானே" என்று வரும்.

இந்த ஆண்டு அப்படி வந்தவற்றில் இரண்டை விவரமாகச் சொல்கிறேன். நிறுவனத்தையும் ஆட்களையும் அடையாளம் காண முடியாதபடி தொகைகளையும் திகதிகளையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கணக்கு மட்டும் ஒத்துவரும்.

முதலாவது கிராண்ட்பாஸ் பக்கம் இருக்கும் களஞ்சியம். குத்தகை 2026 ஜூன் 30இல் முடிகிறது. மாத வாடகை 250,000 ரூபாய். பணிப்பாளர் சபை டிசம்பரில், பாதீட்டுக்குள் அடங்கினால் இன்னும் இரண்டு வருடத்துக்குப் புதுப்பிக்கலாம் என்று தீர்மானித்தது. பாதீட்டில் போட்டிருந்தது 8 வீத உயர்வு, அதாவது 270,000. ஜனவரியில் சேர் சொந்தக்காரருக்கு மெயில் அனுப்பியிருக்கிறார்: கொள்கையளவில் சம்மதம், இரண்டு வருடம், 10 வீதம். அது 275,000. சொந்தக்காரரும், "நன்றி, அப்படியே செய்வோம்" என்று பதில் போட்டிருக்கிறார். வித்தியாசம் மாதம் 5,000, இரண்டு வருடத்துக்கு 120,000. பெரிய தொகை இல்லை. ஆனால், புதிதாக வருபவர் கூட்டறிக்கையையும் பாதீட்டையும் மட்டும் பார்த்துவிட்டு, "8 வீதத்துக்கு மேல் முடியாது" என்று கடிதம் போட்டால், ஜனவரியிலிருந்து வேறு ஆளுக்குக் கொடுக்காமல் வைத்திருக்கும் மனிதருக்கு எப்படி இருக்கும்? சபையின் தாளும் போனவரின் மெயிலும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன என்பதுதான் இங்கே சொல்ல வேண்டிய செய்தி. இரண்டையும் இணைத்து அனுப்பிவிட்டு, அவரே கண்டுபிடிப்பார் என்று விடக்கூடாது.

இந்த விஷயத்தில் இன்னும் இரண்டு முடிச்சுகள் உண்டு. ஒன்று, பழைய குத்தகையில் இருந்த ஒரு வாசகம். புதுப்பிக்க விரும்பினால் முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் முன்பே பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மூன்று மாதம் முன்பு என்றால் மார்ச் 31. புதியவர் வந்து சேர்வதற்கு முன்பே கடந்துபோகும் திகதி. மெயில் போய்ப் பதிலும் வந்துவிட்டது, ஆனால் ஒப்பந்தம் கேட்பது பதிவுத் தபால். பிறகு ஒரு பிணக்கு வந்தால் சட்டத்தரணி முதலில் கேட்பது தபால் பற்றுச்சீட்டைத்தான். சேரிடம் சொல்லி, மார்ச் 20 அளவில் அந்தக் கடிதத்தை அனுப்பி, பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டிவிட்டோம். இடையில் ஆள் மாறும் காலத்துக்குள் விழுகிற திகதிகளைப் போகிறவர் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். மெயிலில், "முடிந்தது, பற்றுச்சீட்டு இங்கே" என்று ஒரு வரியாகத்தான் அது வர வேண்டும்.

மற்ற முடிச்சு, அந்த மெயிலுக்கு என்ன பலம் என்பது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் வந்தபிறகு, மெயிலில் எழுதி ஒத்துக்கொண்டதைச் செல்லாது என்று தள்ளிவிட முடியாது. துப்புரவு ஒப்பந்தமோ ஜெனரேட்டர் பராமரிப்போ என்றால் தலைவர் மெயிலில் எழுதிய ஒரு சம்மதம் கம்பனியைக் கட்டிப்போடலாம். காணி, கட்டடம் வேறு கதை. அசையாச் சொத்தின் விற்பனையையும் கைமாற்றத்தையும், அதன் மீதான உரிமைகளையும் அந்தச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. அவற்றுக்கு இன்றும் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம்தான்: ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையொப்பமிட வேண்டும். அதனால் ஜனவரி மெயிலை வைத்து அந்தக் களஞ்சியத்தின் மேல் நாங்களும் உரிமை கோர முடியாது, அவரும் எங்களைப் பிடித்துவைக்க முடியாது. நொத்தாரிசிடம் போகும் வரை அது இரண்டு மனிதர்களுக்கு இடையிலான பேச்சுத்தான்.

இதையெல்லாம் மெயிலில் விளக்கமாக எழுதினால் யாரும் படிக்கமாட்டார்கள். நான் எழுதியது ஏறத்தாழ இவ்வளவுதான், ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்:

> களஞ்சியம், கிராண்ட்பாஸ். சொந்தக்காரருக்கு ஜனவரியில் மெயில் மூலம் 2 வருடம், 275,000 என்று சொல்லப்பட்டிருக்கிறது. சபை அங்கீகரித்தது பாதீட்டுக்குள், அதாவது 270,000. வித்தியாசத்துக்கு அங்கீகாரம் இல்லை. பதிவுத் தபால் அறிவித்தல் மார்ச்சில் அனுப்பப்பட்டது, அது முடிந்தது. நொத்தாரிசு உறுதி இன்னும் இல்லை, ஜூன் 30க்கு முன் வேண்டும். உங்களிடமிருந்து தேவை: 5,000 வித்தியாசத்துக்குச் சபையிடம் போவதா, சொந்தக்காரரோடு திரும்பப் பேசுவதா. மே 15க்குள் தெரிந்தால் சட்டத்தரணிக்கு நேரம் இருக்கும்.

இதில் நான் கவனமாக இருக்கும் ஒரு விஷயம், வாக்கின் தரம். "ஒத்துக்கொள்ளப்பட்டது" என்று பொதுவாக எழுதினால் யார் ஒத்துக்கொண்டார், அவருக்கு அதற்கு அதிகாரம் இருந்ததா என்பது மறைந்துவிடும். என் மெயிலில் மூன்று விதமாகத்தான் எழுதுவேன்: அங்கீகரிக்கப்பட்டது, சொல்லப்பட்டது, கேட்கப்பட்டது. அங்கீகரிக்கப்பட்டதென்றால் அதிகாரம் உள்ளவரின் கையொப்பம் இருக்கிறது. சொல்லப்பட்டதென்றால் எங்கள் பக்கத்து ஆள் வாய் விட்டிருக்கிறார், கையொப்பம் இல்லை. கேட்கப்பட்டதென்றால் எதிர்ப்பக்கம் கேட்டிருக்கிறது, நாங்கள் பதில் சொல்லவில்லை. மூன்றாவதைச் சேர்க்கக் காரணம், பதில் சொல்லாமல் விட்டதை எதிர்ப்பக்கம் சில மாதங்களில் சம்மதமாகவே பேசத் தொடங்கிவிடும்.

இரண்டாவது விஷயத்தில் இந்தத் தரம்தான் எல்லாம். 2025 ஏப்ரலில் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 27,000 ரூபாயானது, 2026 ஜனவரியிலிருந்து 30,000. காவல் சேவைக் கம்பனிகளுக்கு ஆட்கூலிதான் பெரிய செலவு, ஆகவே ஜனவரியில் எல்லா இடத்திலும் விலை கூட்டிக் கேட்டார்கள். எங்களிடம் கேட்டது ஒரு ஷிப்டுக்கு 300 ரூபாய். எங்களுக்கு நாளுக்கு நான்கு ஷிப்ட், அப்படியானால் நாளுக்கு 1,200. சேர் தொலைபேசியில், "பார்த்துச் செய்வம், ஜனவரியில இருந்தே போடலாம்" என்று சொல்லியிருக்கிறார். அதை எங்கேயும் எழுதவில்லை. கம்பனி மார்ச் வரை பழைய விலைக்குத்தான் பில் போட்டது, ஆனால் ஒவ்வொரு பில்லின் அடியிலும், "திருத்திய விலை நிலுவையில்" என்று ஒரு வரி இருந்தது. பில்லைத் தொகை சரியா என்று மட்டும் பார்த்துக் கையெழுத்திடுபவர்கள் கவனிக்காத வரி அது.

கணக்குப் பிரிவோடு பட்டியலை ஒப்பிட்டபோது இது வெளியே வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரை 90 நாள், 1,200 வீதம் 108,000. இதை அட்டுறு செலவாகப் போடுவதா என்று கணக்காளர் கேட்டார். போட்டால் நாங்கள் கடனை ஏற்றுக்கொண்டதுபோல் ஆகும். போடாமல் விட்டுப் பிறகு கொடுத்தால், போன வருடச் செலவு இந்த வருடப் பாதீட்டைத் தின்னும். சேருடைய அங்கீகார வரம்பு ஒரு இலட்சம். 108,000 அந்த வரம்பைக் கொஞ்சம் தாண்டுகிறது, ஆகவே அவர் எழுதியே கொடுத்திருந்தாலும் அது போதாது. கடைசியில் கணக்காளர் அதைப் போடவில்லை, சர்ச்சைக்குரியது என்று தன் குறிப்பில் எழுதிவைத்தார். என் மெயிலில் அது, "சொல்லப்பட்டது, தொலைபேசியில் மட்டும், வரம்புக்கு மேல், கணக்கில் இல்லை" என்று போனது. போனவரைப் பற்றிக் குறையாக ஒரு சொல்லும் அதில் இல்லை. அவர் என்ன நினைத்துச் சொன்னார் என்பதற்கு விளக்கமும் இல்லை. மெயிலை எழுதுபவர் நியாயம் சொல்லப் போனால், படிப்பவர் அந்த நியாயத்தைத்தான் பார்ப்பார், தொகையைப் பார்க்கமாட்டார்.

தீர்மானங்கள் பகுதியைச் சுருக்கமாகவே வைப்பேன். கடந்த வருடத்தில் எடுத்த தீர்மானங்களில் இந்த வருடம் ஏதாவது செய்ய வேண்டியிருப்பவை மட்டும். வான் ஒன்றை விற்று முடித்தாயிற்று என்றால் அது வேண்டாம். வானை விற்பதாகத் தீர்மானித்து இன்னும் விற்கவில்லை என்றால் வேண்டும். கூட்டறிக்கையை எடுக்கும்போது, அடுத்த கூட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட பிரதியா என்று பார்க்க வேண்டும். வரைவில் இருந்த வாசகம் உறுதிசெய்யும்போது மாறியிருக்கும். எங்கள் குத்தகைத் தீர்மானத்தில் "பாதீட்டுக்குள் அடங்கினால்" என்ற நிபந்தனை வரைவில் இருக்கவில்லை, உறுதிசெய்தபோதுதான் வந்தது. சேரிடம் இருந்தது வரைவு. 10 வீதத்துக்கு ஏன் தயங்காமல் சம்மதித்தார் என்பது அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு விளங்கியது.

ஆவணங்களில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. இணைப்புகளை அள்ளிப்போடாமல் லிங்க் கொடுப்பது நல்லதுதான், ஆனால் அந்தக் கோப்பு யாருடைய கணக்கில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போனவரின் வன்டிரைவில் இருந்தால், அவருடைய கணக்கை ஐடி பிரிவு நீக்கியபின் மைக்ரோசொப்ட் வழமையாக 30 நாள்தான் வைத்திருக்கும். யாரும் அமைப்பை மாற்றியிருக்காவிட்டால் அதற்குப் பிறகு லிங்க் செத்துவிடும். மோசம் என்னவென்றால், மெயில் அனுப்பும் நாளில் எல்லா லிங்கும் திறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. நான் கோப்புகளைப் பிரிவின் பொதுவான இடத்துக்குப் பிரதியெடுத்து, வேறொருவரின் கணினியிலிருந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொல்வேன். இரண்டு பக்கமும் கையொப்பமிட்ட ஸ்கேன் பிரதியா என்பதையும் அப்போதே பார்த்துவிடலாம். "இறுதி" என்று பெயரிட்ட வேர்ட் கோப்பில் கையொப்பம் இருக்காது.

ஆட்களைப் பற்றிய விஷயங்களை இந்த மெயிலில் எழுதுவதில்லை. எங்கள் சாரதி அண்ணைக்குக் கடன் ஒன்றுக்குச் சிபாரிசு செய்வதாகச் சேர் சொல்லியிருந்தார், அவருடைய வீட்டு நிலைமை காரணமாக. அதுவும் ஒரு வாக்குத்தான், மறக்கவும் கூடாது. ஆனால் இந்த மெயில் கணக்குப் பிரிவுக்கும் போகும், சட்டத்தரணிக்கும் பகுதி பகுதியாக அனுப்பப்படும். யார் கையில் போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. "ஊழியர் விஷயம் இரண்டு, நேரில் சொல்கிறேன்" என்று ஒரு வரி போதும். எத்தனை என்று எழுதுவதற்குக் காரணம், நான் சொல்ல மறந்தாலும் அவர் கேட்பார் என்பதுதான்.

புதிதாக வந்தவர் மட்டக்களப்புக்காரி, என்னைவிட வயது குறைந்தவர். முதல் நாளே மெயிலை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் மூன்று இடத்தில் வட்டம் போட்டுக்கொண்டு வந்தார்.

"அக்கா, காவல் கம்பனிக்கு ஜனவரியிலிருந்து என்று எங்கேயாவது எழுத்தில் இருக்கா?"

"இல்லை மிஸ். அவங்கட பில்லில நிலுவை எண்டு ஒரு வரி இருக்கு. எங்கட பக்கத்தில ஒண்டும் இல்லை."

"அந்த வரிக்கு நாங்கள் மறுப்புச் சொன்னோமா?"

சொல்லவில்லை. கேட்க வேண்டிய கேள்வி அதுதான். மூன்று மாதம் அந்த வரியோடு வந்த பில்லைக் கேள்வி இல்லாமல் கட்டியிருக்கிறோம். அவர் கம்பனி மனேஜரைக் கூப்பிட்டுப் பேசினார். ஏப்ரலிலிருந்து 300 ரூபாய் உயர்வு, ஜனவரி முதல் மார்ச் வரைக்குப் பாதி, 54,000. அது அவருடைய வரம்புக்குள் இருந்ததால் சபைக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அடுத்த பில்லில் அந்த வரி இல்லை என்பதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்திட்டார். கணக்காளருக்கு மட்டும் கொஞ்சம் கோபம், போன வருடத்து 54,000 இந்த வருடத்தில் வந்து விழுந்ததென்று.

களஞ்சியத்துக்கு அவர் வேறு வழியில் போனார். சொந்தக்காரரோடு திரும்பப் பேசவில்லை. சொன்ன வாக்கைக் குறைக்கக் கேட்டால், அடுத்த முறை கூரை ஒழுகும்போது அந்த மனிதரிடம் போய் நிற்க முடியாது என்றார். ஜனவரி மெயிலையும் உறுதிசெய்த கூட்டறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பக்கத் தாளாகச் சபைக்கு அனுப்பினார். மே கூட்டத்தில் 275,000 அங்கீகரிக்கப்பட்டது. நொத்தாரிசிடம் கையொப்பம் ஜூன் இரண்டாவது வாரத்துக்குக் குறித்திருக்கிறது. அதற்கு முன், உறுதியில் வாடகை 275,000 என்றுதான் இருக்கிறதா, அறிவித்தல் வாசகத்தில் பதிவுத் தபாலோடு மெயிலையும் சேர்த்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லிச் சட்டத்தரணிக்கு எழுதியிருக்கிறேன்.